சிற்றேடு சென்று சேரும் வழி

அலோர் காஜாவின் திருமண மண்டபம் ஒன்று 20 மெகாபைட் அளவுள்ள விளக்கச் சிற்றேட்டை மின்னஞ்சலில் கோப்பாகவே இணைத்தால், கோப்பை வெறும் எழுத்துகளாக மாற்றி அனுப்பும் ‘பேஸ்64’ என்னும் குறியாக்கம் அதனை மூன்றில் ஒரு பங்கு பெருக்கி ஏறத்தாழ 27 மெகாபைட் ஆக்கிவிடுவதால், முழு மடலுக்கும் 25 மெகாபைட்டை வரம்பாகக் கொண்ட பெறுநரின் சேவையகம் அதனை ஏற்காமல் 552 என்ற பிழை எண்ணுடன் திருப்பிவிடுகிறது. சுட்டியாக அனுப்பினால் மடல் எளிதில் சேரும். ஆனால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2023 முதல் குறுஞ்செய்திச் சுட்டிகளைத் தடுக்கத் தொடங்குமளவுக்கு மோசடி பெருகிவிட்ட நாட்டில், போகுமிடத்தை மறைக்கும் சுருக்க முகவரியை அழுத்தப் பெறுநர் தயங்குவது நியாயமே. படங்களின் நுணுக்கத்தை அங்குலத்துக்கு 150 புள்ளிகளாகக் குறைத்து, சில மெகாபைட்டுக்குள் அடங்கிய கோப்பை இணைப்பதே மேலான வழி; அச்சுத் தரக் கோப்பை மட்டும், மண்டபத்தின் சொந்தத் தளப்பெயர் முழுமையாகத் தெரியும் சுட்டியில், அளவையும் அருகே குறித்துத் தரலாம்.