நாட்காட்டியில் ஒரு சின்ன எண் வேண்டும்



ஊருக்குப் போக ரயிலில் இடம் பிடிப்பது நம்மைப் போல் தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வருடா வருடம் வரும் கவலை. ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால், டிக்கெட் கிடைக்காதவர்கள் எல்லாரும் என்னிடம் வந்து குறைப்பட்டுக் கொள்வார்கள். அப்படி வந்த ஒரு குறைதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

எங்கள் பக்கத்து பிளாக்கில் ஒரு நண்பர். 2025 சித்திரையில் கும்பகோணத்தில் தங்கை மகள் கல்யாணம். குடும்பத்தில் ஐந்து பேரும் ஏப்ரல் 20-ஆம் தேதி புறப்படுவதாகத் திட்டம். முன்பதிவு அறுபது நாளைக்கு முன்னால் திறக்கும் என்பது அவருக்குத் தெரியும். பிப்ரவரி 20 அன்று காலை எட்டு மணிக்கு முன்பே போய் வரிசையில் நின்றுவிட்டார். கிடைத்ததோ வெயிட்டிங் லிஸ்ட்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, அதே தேதியில சரியாப் போய் நின்னேன் சார். அதுக்குள்ள எப்படித் தீர்ந்து போச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"நீங்க ஒரு நாள் லேட். முதல் நாளே திறந்தாச்சு," என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

அலுவலக டைரிகளில் பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஜனவரி 1 என்றால் 1, டிசம்பர் 31 என்றால் 365. அந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதே அது. உலகத் தர அமைப்பு இதையே தேதி எழுதும் ஒரு முறையாக வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 20 என்பதை அந்த முறையில் 2025-110 என்று எழுதுவார்கள். மாதமே கிடையாது. ஆண்டும், மூன்று இலக்கத்தில் நாளும் மட்டும்தான்.

இந்த எண்ணைக் கையால் கண்டுபிடிக்கப் பன்னிரண்டு எண்கள் போதும். ஒவ்வொரு மாதமும் பிறப்பதற்கு முன் எத்தனை நாள் கழிந்திருக்கிறது என்பதே அவை. ஜனவரிக்கு 0, பிப்ரவரிக்கு 31, மார்ச்சுக்கு 59, ஏப்ரலுக்கு 90, மே 120, ஜூன் 151, ஜூலை 181, ஆகஸ்ட் 212, செப்டம்பர் 243, அக்டோபர் 273, நவம்பர் 304, டிசம்பர் 334. இதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கை முட்டியில் 31, 30 என்று எண்ணத் தெரிந்த எந்தப் பிள்ளையும் கூட்டிக்கொண்டே போய் ஐந்து நிமிடத்தில் எழுதிவிடும். கடைசியில் டிசம்பரின் 334-உடன் 31-ஐக் கூட்டினால் 365 வர வேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ தவறு.

இப்போது நண்பரின் கணக்குக்கு வருவோம். ஏப்ரலின் எண் 90. அதோடு தேதி 20-ஐக் கூட்டினால் 110. அறுபதைக் கழித்தால் 50. இதைத் திரும்பத் தேதியாக்க, பட்டியலில் 50-க்குக் குறைந்த எண்களில் பெரியது எது என்று பாருங்கள். பிப்ரவரியின் 31. 50-லிருந்து 31 போனால் 19. ஆக, பிப்ரவரி 19 அன்றே முன்பதிவு திறந்துவிட்டது. நண்பர் 20-ஆம் தேதி போய் நின்றிருக்கிறார்.

திரும்பத் தேதியாக்கும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். விடை 59 என்று வந்தால் மார்ச் 0 என்று எழுதக்கூடாது. பட்டியல் எண்ணுக்குச் சமமாக வந்தால் அது முந்தைய மாதத்தின் கடைசி நாள். 59 என்றால் பிப்ரவரி 28. அதனால்தான் 'குறைந்த எண்' என்று சொன்னேன்.

விரல் விட்டு எண்ணுகிறவர்கள் இன்னொரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். புறப்படும் நாளையும் சேர்த்து எண்ணலாமா, கூடாதா? ரயில்வே விதிப்படி பயண நாளைச் சேர்க்கக்கூடாது. ரயில் பாதை ஓரத்தில் நிற்கும் மின்கம்பங்களை நினைத்துக் கொள்ளுங்கள். 50-ஆம் எண் கம்பத்திலிருந்து 110-ஆம் எண் கம்பம் வரை கம்பங்களை எண்ணினால் 61, நடுவில் உள்ள இடைவெளிகளை எண்ணினால் 60. நமக்கு வேண்டியது இடைவெளி. ஒரு எண்ணிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது கிடைப்பதும் இடைவெளிதான். ஆகவே கழித்தல் இங்கே ஏமாற்றாது.

அறுபது நாளும் இரண்டு மாதமும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு நாள் உட்கார்ந்து பன்னிரண்டு மாதத்துக்கும் போட்டுப் பார்த்தேன். 'இரண்டு மாதத்துக்கு முன் அதே தேதி' என்பது பெரும்பாலான மாதங்களில் 61 நாள் ஆகிறது. பிப்ரவரி, செப்டம்பர் பயணங்களுக்கு 62 நாள். அப்போதெல்லாம் நாம் ஓரிரு நாள் முன்னதாகவே போய், 'இன்னும் திறக்கவில்லை' என்று திரும்பி வருவோம். அலைச்சல் உண்டு, நஷ்டம் இல்லை. ஆனால் மார்ச், ஏப்ரல் பயணங்களுக்கு மட்டும் 59 நாள்தான். நடுவில் குட்டி மாதமான பிப்ரவரி வந்துவிடுகிறது. அப்போது ஒரு நாள் பிந்திவிடுகிறோம். பரீட்சை முடிந்து பிள்ளைகளோடு ஊருக்குப் போகும் காலம், பங்குனி உத்திரம் வரும் காலம் எல்லாம் இந்த இரண்டு மாதங்களில்தான். மற்ற மாதங்களில் பாதகமில்லாமல் போன பழக்கம், கூட்டம் நெரியும் நேரத்தில் காலை வாருகிறது. ஏப்ரல் 30-க்கு இரண்டு மாதம் முன்னால் என்றால் பிப்ரவரி 30; அப்படி ஒரு நாளே கிடையாது! நம் கணக்கில் 120-லிருந்து 60 போக 60, அதாவது மார்ச் 1.

பொங்கலுக்குப் போகிறவர்களுக்கு ஆண்டு மாறும். ஜனவரி 12 என்பது 12-ஆம் நாள். அதிலிருந்து 60-ஐக் கழிக்க முடியாது. முந்தைய ஆண்டின் 365-ஐக் கடன் வாங்குங்கள். 377-லிருந்து 60 போக 317. நவம்பரின் 304 போக 13. நவம்பர் 13 அன்று திறக்கும்.

இனி லீப் ஆண்டு. இதில் நானே அடிபட்டிருக்கிறேன். 1992-இல் ஒரு பாலத்து வேலையில் இருந்தேன். கான்கிரீட் போடும்போது அதே கலவையில் சிறு கட்டிகள் வார்த்து வைத்து, 28 நாள் கழித்து அவற்றை நசுக்கிப் பார்த்து வலிமையைப் பதிவேட்டில் எழுதுவது முறை. பிப்ரவரி 12 அன்று வார்த்த கட்டிகளுக்கு நான் போட்ட கணக்கு: 31-உம் 12-உம் 43, அதோடு 28 சேர்த்தால் 71, மார்ச்சின் 59 போக 12. மார்ச் 12 என்று எழுதினேன். சோதனைக்கு வந்த மேலதிகாரி பதிவேட்டைப் பார்த்ததும், "புதன்கிழமை வார்த்ததை வியாழக்கிழமை உடைத்துவிட்டு 28 நாள் என்கிறாயே?" என்றார். 28 நாள் என்பது சரியாக நாலு வாரம். கிழமை மாறவே கூடாது. 1992 லீப் ஆண்டு என்பதை மறந்திருந்தேன். லீப் ஆண்டில் மார்ச் முதல் எல்லா மாதத்தின் எண்ணும் ஒன்று கூடும், மார்ச்சுக்கு 60. 71-லிருந்து 60 போக 11. மார்ச் 11-ஆம் தேதி உடைத்திருக்க வேண்டும். ஒரு நாளில் பாலம் இடிந்துவிடாது. ஆனாலும் 29 நாள் ஆனதை 28 என்று எழுதியது பொய்க் கணக்குதானே.

அன்று கற்ற பாடம் இரண்டு. லீப் ஆண்டென்றால் அந்த ஒன்றை எல்லா இடத்திலும் சேர்க்க வேண்டும். ஓரிடத்தில் சேர்த்து மற்றோரிடத்தில் விடக்கூடாது. 2028 லீப் ஆண்டு. 2029 ஜனவரி 12-க்குக் கணக்குப் போடும்போது 366-ஐக் கடன் வாங்கினால் நவம்பருக்கும் 305 என்றே கொள்ள வேண்டும். அப்போது விடை அதே நவம்பர் 13-தான். 366 வாங்கிவிட்டு 304-ஐக் கழித்தால் 14 வரும்; ரயிலில் இடம் போய்விடும்.

இரண்டாவது, கிழமையை வைத்துச் சரிபார்ப்பது. அறுபது நாள் என்பது எட்டு வாரமும் நாலு நாளும். ஆகவே முன்பதிவு திறக்கும் கிழமையிலிருந்து நாலு கிழமை தள்ளினால் பயணக் கிழமை வர வேண்டும். 2025 ஏப்ரல் 20 ஞாயிறு. பிப்ரவரி 19 புதன். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, சரியாக இருக்கிறது. நண்பர் போன பிப்ரவரி 20 வியாழன். அதிலிருந்து நாலு தள்ளினால் திங்கள் வருகிறது. நாட்காட்டியை ஒரு தடவை பார்த்திருந்தாலே பிசகு தெரிந்திருக்கும்.

"செல்போன் சொல்லாதா சார்?" என்று கேட்பீர்கள். சொல்லும். ஆனால் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். இரண்டு மாதம் முன்னால் என்ன தேதி என்று கேட்டால் பிப்ரவரி 20 என்றுதான் காட்டும். பிழை கேள்வியில் இருக்கிறது.

'இந்தத் தேதிப் பயணத்துக்கு இந்தத் தேதியில் முன்பதிவு' என்று அட்டவணை அச்சடித்துக் கொடுத்தால் போதாதா என்றும் கேட்கலாம். 2015 ஏப்ரல் முதல் முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் 60 ஆயிற்று. அப்படிப்பட்ட அட்டவணை எதுவும் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். நாள் எண்ணுக்கு அந்தக் கதி இல்லை. விதி மாறினால் கழிக்கும் எண்ணை மாற்றிக்கொண்டால் போதும்.

ஆகவே என் யோசனை இது. நம் சங்கம் ஆண்டுதோறும் அச்சிடும் நாட்காட்டியில் ராகுகாலம், எமகண்டம், நட்சத்திரம் எல்லாம் போடுகிறோம். அவற்றுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு தேதிக்கும் அதன் நாள் எண்ணையும் சிறிய எழுத்தில் போட வேண்டும். லீப் ஆண்டில் அச்சகத்தாரே அதைத் திருத்திப் போட்டுவிட்டால் நமக்கு அந்தக் குழப்பமும் மிச்சம். கூடுதல் செலவு கொஞ்சம் மைதான். நம் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் கோடை விடுமுறைப் பயணத்துக்கு முன்பதிவு நாளைக் கண்டுபிடித்து வரச் சொல்லுங்கள். மே 10-க்கு என்ன விடை? 130-லிருந்து 60 போக 70, 59 போக 11, மார்ச் 11. அப்பா மார்ச் 10 என்று சொன்னால் பிள்ளை திருத்தட்டும்.

கும்பகோணம் போக வேண்டிய ஐந்து பேரில் கடைசியில் மூவருக்குத்தான் இடம் உறுதியாயிற்று. நண்பரின் வயதான தாயார் போகவில்லை. பேத்தி கல்யாணத்தை அவர் செல்போனில்தான் பார்த்தார். ஒரு கழித்தல் கணக்கு தெரிந்திருந்தால் அவரும் பந்தலில் உட்கார்ந்திருப்பார். சங்கச் செயற்குழு இதை யோசிக்க வேண்டுகிறேன்.