பேரை மட்டும் அழிச்சா போதுமா? டெக் வெளியே போறதுக்கு முன்னாடி...

"சார், கிளையன்ட் பேரையெல்லாம் எடுத்துட்டேன், அனுப்பிடலாமா?" என் டீம்ல ஒருத்தர் கேட்டார். உள் மீட்டிங்குக்குப் போட்ட பதினைந்து ஸ்லைடு டெக்கை, வெளியில ஒரு வெண்டருக்காக மூணு ஸ்லைடு சுருக்கமா மாத்தியிருந்தார். பார்த்தா, பேர் நிஜமாவே இல்லை. "வாடிக்கையாளர் அ, ஓசூர், டூ-வீலர் பாகங்கள்"னு இருந்துச்சு. அந்தத் துறையில இருக்கிறவருக்கு இது போதும், பேரே தேவையில்லை.

அடுத்தது எண்கள். அந்தக் கிளையன்ட் கொடுத்த பில் தொகையை அழிச்சிருந்தார். ஆனா முதல் ஸ்லைடுல "மொத்த வருமானம் 50 கோடி", மூணாவதுல "வாடிக்கையாளர் அ: 18%". பெருக்கிப் பாருங்க, 9 கோடி. அழிச்ச எண் திரும்ப வந்துடுச்சு. அதனால ஒரு எண்ணை எடுத்தா, மீதி எண்களை வெச்சு அதைக் கண்டுபிடிக்க முடியுதான்னு கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க.

பெரிய ஆபத்து சார்ட்ல இருந்துச்சு. எக்செல்ல இருந்து காப்பி பண்ணி 'embed' முறையில பேஸ்ட் பண்ணியிருந்தார். அப்படிப் பண்ணா சார்ட்டோட சேர்ந்து மொத்த ஒர்க்புக்கும் ஃபைலுக்குள்ள போயிடும். ரைட் கிளிக் பண்ணி Edit Data கொடுத்தா, எல்லா கிளையன்ட் பேரும் மார்ஜினும் வந்து நிக்குது. ஸ்பீக்கர் நோட்ஸ்ல வேற, "இவங்க பேமென்ட் இழுத்தடிப்பாங்க"ன்னு மேனேஜர் எழுதிய வரி!

PowerPoint-ல File > Info > Check for Issues > Inspect Document ஓட்டினா நோட்ஸ், கமென்ட்ஸை நீக்கலாம். ஆனா "வாடிக்கையாளர் அ"வோட அடையாளமோ, 18% கணக்கோ அதுக்குத் தெரியாது. அதை நீங்கதான் படிச்சுப் பார்க்கணும். கறுப்புக் கட்டம் போட்டு மறைச்சு பிடிஎஃப் எடுத்தாலும், அடியில எழுத்து அப்படியே இருக்கும். சந்தேகமா? Ctrl+A, Ctrl+C அடிச்சு நோட்பேடுல பேஸ்ட் பண்ணிப் பாருங்க.

என் கருத்து இதுதான்: பழைய டெக்கை சுத்தம் பண்ணாதீங்க. புது ஃபைல் திறங்க. வெளியில சொல்ல அனுமதி இருக்கிற விஷயத்தை மட்டும் டைப் பண்ணுங்க. சார்ட்டைப் படமா பேஸ்ட் பண்ணுங்க. அழிக்கிற வழியில ஒண்ணு விட்டுப்போனாலும் அது வெளியே போயிடும். எழுதுற வழியில விட்டுப்போனா, சுருக்கம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அரை மணி நேரம் கூடுதலா ஆகும், ஆகட்டும்.

உங்க கம்பெனி பங்குச்சந்தையில லிஸ்ட் ஆனதா இருந்தா இன்னும் கவனம். வெளியாகாத காலாண்டு முடிவுகள், செபியோட 2015 இன்சைடர் டிரேடிங் விதிகள்படி விலையைப் பாதிக்கும் ரகசியத் தகவல். முறையான காரணம் இல்லாம அதைப் பகிர்றதே மீறல்தான். "நான் ஷேர் வாங்கவே இல்லையே"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாது.

அன்னைக்கு அந்த ஃபைல் வெளியே போகலை. அவர் 'அனுப்பிடலாமா'ன்னு கேட்டது மட்டும்தான் காரணம்.