நாலு கம்பம்

எங்கள் நெய்வேலி நடப்பதற்கென்றே கட்டின ஊர். அகலமான ரோடு, இரண்டு பக்கமும் மரம், வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ். இந்த ஊரில் போன வருஷம் நான் நாலு கரண்ட் கம்பம் தாண்ட முடியாமல் நின்றேன். வயசு 36.

நாலாவது கம்பம் வந்ததும் வலது கெண்டைக்காலை யாரோ ஈரத்துணி மாதிரி பிழிவார்கள். நின்றால் இரண்டே நிமிஷத்தில் வலி போயே போச்சு. மறுபடி நாலு கம்பம், மறுபடி பிழிசல். சும்மா நின்றால் நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று சுவரில் இருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன், அச்சகத்தின் பேர் வரை. படித்துக்கொண்டே ஒரு சிகரெட் பற்றவைப்பேன். மருந்தை விட்டுவிட்டு நோயையே குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரியாது.

"தினம் எத்தனை சார்?" என்றார் டாக்டரம்மா.

"ஒரு அஞ்சு, ஆறு..."

"பன்னெண்டு டாக்டர்!" என்றாள் மனைவி. கல்யாணமான நாளாக என் கணக்கு அவளிடம்தான் இருக்கிறது.

டாக்டர் என் புறங்காலிலும் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்த்தார். இடது காலில் துடித்தது. வலது காலில் ஒன்றும் அகப்படவில்லை. "இடுப்பு நரம்பு அழுந்தினாலும் நடந்தா வலிக்கும் சார். ஆனா அவங்க உட்காரணும், இல்லே குனியணும். சும்மா நின்னாலே உங்களுக்குப் போயிடுதே, அப்போ இது ரத்தக் குழாய்" என்றார். அப்புறம் கையில் கட்டுகிற பிரஷர் பட்டையைக் கணுக்காலில் கட்டினார். கையில் 120, வலது கணுக்காலில் 78. வகுத்தால் 0.65. காலுக்கும் கைக்கும் ஏறக்குறைய ஒரே பிரஷர் இருக்க வேண்டும். 0.9-க்குக் குறைந்தால் குழாய் குறுகியிருக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்திருக்கும்போது தசைக்கு அந்தக் கொஞ்ச ரத்தமே போதும். நடந்தால்தான் பல மடங்கு கேட்கும். கிடைக்காவிட்டால் பிழியும்.

சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. ஸ்கேனில் தொடைக் குழாய் பளிச்சென்று இருந்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள சின்னக் குழாய்கள்தான் அடைத்திருந்தன. "இதுக்கு பர்ஜர் நோய்னு பேரு" என்றார். சாப்பிடுகிற பர்கர் இல்லை. 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்ஜர் என்ற டாக்டர், வெட்டி எடுத்த கால்களைச் சோதித்து எழுதி வைத்த நோய். வயசானவர்களுக்கு வருகிற கொழுப்புப் படிவு வேறே. இது நாற்பத்தைந்துக்குக் கீழே உள்ள புகைக்காரர்களைப் பிடிப்பது. பீடி பிடிக்கிற நம் ஊரில் அமெரிக்காவைவிட அதிகம். புகையிலை பட்டதும் குழாயின் சுவரே வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அடுத்த கட்டத்தில் படுத்திருக்கும்போதே பாதம் எரியும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப் போட்டால்தான் தூக்கம் வரும். அதற்கும் அடுத்தது விரல் கறுப்பது.

"வெட்டணுமா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதை நீங்கதான் சொல்லணும்" என்றார். 1990-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கைச் சொன்னார். புகையை விட்டவர்களில் 100-க்கு 94 பேருக்கு எதையும் வெட்ட வேண்டி வரவில்லை. விடாதவர்களில் 43 பேர் விரலோ காலோ இழந்தார்கள்.

"விட்டா அடைப்பு கரைஞ்சிடுமா?"

"கரையாது. மெயின் ரோடு மூடினது மூடினதுதான். ஆனா உங்க வட்டத்துல குறுக்குத் தெரு எத்தனை இருக்கு? வண்டியெல்லாம் அதுல சுத்திப் போகுமில்லே? காலுக்குள்ளேயும் அந்த மாதிரி சின்னச் சின்ன கிளைக் குழாய் இருக்கு, மெள்ள அகலமாகும். நீங்க இன்னும் புகைச்சீங்கன்னா அந்தச் சந்தும் வீங்கி அடைச்சுக்கும்."

"தினம் ஒண்ணே ஒண்ணு?"

"ஒண்ணு போதும் சார், நோய் அணையாம இருக்க. ஹான்ஸும் கூடாது, நிகோடின் பபிள்கம்மும் வேண்டாம்." அந்த பபிள்கம் மற்ற புகைக்காரர்களுக்கு உதவுமாம். எனக்கு அந்தச் சலுகையும் இல்லை.

சந்தை அகலமாக்க வைத்தியம் நடைதானாம். வலி நன்றாக வரும் வரை நட, நில், போனதும் திரும்ப நட. இப்படி அரை மணி நேரம், வாரத்தில் மூன்று நாளாவது. பாதத்தில் புண் இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. முதல் வாரம் சிகரெட் இல்லாமல் ஆபீஸில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். என் பக்கத்து மேஜைக்காரர் லீவு போட்டுவிட்டார்.

மூன்றாம் மாதம் பத்து கம்பம். இப்போது மெயின் பஜார் வரை நிற்காமல் போய் வருகிறேன். கணக்கு 0.65-லிருந்து கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது. வலது நாடி இன்னமும் விரலுக்கு அகப்படவில்லை, மெயின் ரோடு மூடியே இருக்கிறது.

போஸ்டர் படிப்பது நின்றதில் ஒரே நஷ்டம், ஊரில் யார் போனார்கள் என்றே தெரிவதில்லை. போன மாதம் ஒருத்தர் வீட்டுக்குப் பதினாறாம் நாள்தான் போனேன்.