'மாமா' என்ற ஒரு சொல்

சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளில் பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து, மன்றின் அனுமதியுடன் சான்றாக முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. நடந்ததை மன்றில் மீண்டும் விவரிக்கும் கொடுமை அதனால் குறைகிறது. ஆனால் குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை முகங்கொடுத்தே ஆகவேண்டும்.

பதுளையில் மன்றின் பதிவுமொழி சிங்களம். தோட்டத்துப் பிள்ளை தமிழில் சொல்வது மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பதிவேட்டை அடைகிறது. லயத்தில் அயல்வீட்டு ஆடவரும் 'மாமா'தான். அச்சொல் தாயின் சகோதரன் எனப் பெயர்க்கப்பட்டால், எதிரிதரப்புக்கு ஒரு முரண்பாடு கிடைத்துவிடும்!

2015ஆம் ஆண்டுச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமும் வேறிடத்திலிருந்து காணொளி வழியே சாட்சியமளிக்க இடந்தருகின்றன. எதிரியின் முகத்தைப் பார்க்கவேண்டியதில்லை, நல்லதே. ஆயினும் பிள்ளையின் தமிழ்ச் சொல்லும் அப்படியே பதிவேட்டில் எழுதப்படவேண்டும் என்பேன்.