மழைநீரைச் சரிவுக்குள் இறக்க வேண்டாம்

கேமரன் மலை மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கு,

தோட்டத் தொழிலாளர் அடுக்குமாடிகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் மழைநீரைச் சேமிக்கவேண்டும் என்றாலே பலரும் தமிழ்நாட்டைத்தான் காட்டுகிறார்கள். அங்கே 2003-இல் அது கட்டாயமாக்கப்பட்டது. சென்னையின் சமதளத்தில் கூரைநீரைக் குழியில் இறக்கினால் கிணறு ஊறும். நம் சரிவில் அதே குழி மண்ணை நனைத்து இளக்கிவிடும். மண்சரிவு நமக்குப் புதிதல்ல. அடித்து வரும் மண் ரிங்லெட் ஏரியைத் தூர்ப்பதும் தாங்கள் அறிந்ததே. ஆகவே இங்கே தொட்டிதான் வேண்டும், ஊறல் குழி கூடாது.

எவ்வளவு பெரிய தொட்டி? 400 சதுர மீட்டர் கூரை, 16 வீடுகள், 64 பேர் உள்ள ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். மழை குறைந்த மாதத்துக்கு 100 மில்லிமீட்டர் என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கைச் சேதாரமாகக் கழித்தால் 32,000 லிட்டர் தேறும். நாளுக்குச் சுமார் 1,000. ஆளுக்கு நாலு முறை, முறைக்கு 6 லிட்டர் என்றால் கழிவறைக்கு மட்டும் நாளுக்கு 1,500 லிட்டர் வேண்டும். 500 லிட்டர் துண்டு விழுகிறது.

அதற்காகத் தொட்டியைப் பெரிதாக்கினால் செலவுதான் ஏறும். ஐந்து நாளுக்கான 7,500 லிட்டர் தொட்டியே போதும். துண்டு விழுவதைக் குளியல் நீர் ஈடுகட்டும். அது மழையை நம்பியிருப்பதில்லை. வடிகட்டிய குளியல் நீரை ஒரு நாளுக்குமேல் தேக்கினால் நாற்றம் எடுக்கும், அன்றன்றே தீர்க்கவேண்டும். சமையலறை நீரை இதில் கலக்கவே கூடாது. நம் குளிரில் எண்ணெய்ப் பிசுக்கு குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும்.

தொழிற்சாலையில் சிக்கல் வேறு. உலர்த்தியின் புகைபோக்கியிலிருந்து வரும் தேயிலைத் தூசு தகரக் கூரையில் படியும். அதனால் முதல் ஒரு மில்லிமீட்டர் மழையை, 1,000 சதுர மீட்டருக்கு 1,000 லிட்டர் என்ற கணக்கில், தனிக் குழாயில் பிடித்து ஒதுக்கவேண்டும். அந்தக் குழாயின் அடித்துளை வழியாக நீர் மெல்லக் கசிந்து வெளியேறும். மழை நின்று ஒரு நாளாகியும் குழாய் நிறைந்தே நின்றால் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குள் போகும். சுத்தமாகவே பிடித்தாலும் இந்த நீர் கழிவறைக்கும் வாகனம் கழுவவும் மட்டுமே; தேயிலை படும் இயந்திரத்துக்கு ஆகாது.

கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும்போது மூன்றை மட்டும் பாருங்கள். தொட்டி நிரம்பி வழியும் நீர் சரிவில் கொட்டாமல், மூடிய குழாய் வழியே கீழே உள்ள கல்வாய்க்காலுக்குப் போகிறதா? குடிநீர்க் குழாய், தொட்டியின் நீர்மட்டத்தைத் தொடாமல் மேலே இடைவெளி விட்டு நிற்கிறதா? தொட்டியின் திறப்புகள் எல்லாவற்றிலும் கொசுவலை இருக்கிறதா? ஒன்று இல்லையென்றாலும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டக் குடியிருப்புகளில் குழாய் வேலை பார்க்கும் ஒருவன்