எடுத்துவிடுவது அணைப்பது ஆகாது

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அண்ணன் மகள் தன் டியூஷன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். சூப்பர்பொசிஷன் தேற்றத்தில் ஒரு கணக்கு. விடை 5 மில்லி ஆம்பியர். பக்கத்தில் சிவப்பு மையில் பெரிதாக ஒரு டிக். சரியான விடை 4. ‘எப்படிம்மா 5 வந்தது?’ என்றேன். ‘ஒரு சோர்ஸ வச்சுக்கிட்டு மத்ததை எடுத்துடணும்னு சார் சொன்னாரு சித்தப்பா’ என்றாள். நோட்டின் மேல் வரியிலும் அதுவே அடிக்கோடிட்டு இருந்தது: ஒரு மூலத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடவும்.

இந்த ‘எடுத்துவிடவும்’ என்ற சொல்லை நான் இருபது வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கைடுகளில் இருக்கிறது, கரும்பலகையில் இருக்கிறது, நேர்முகத் தேர்வுக்கு வரும் பிள்ளைகளின் வாயில் இருக்கிறது. இது சொல்லில் நேர்ந்த சின்னப் பிசகு என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். தவறான விடையைத் தரும் சொல் அது.

அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் மூலம் ஒன்று. அதன் பாசிட்டிவ் முனையிலிருந்து 4 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று A என்ற சந்திப்புக்கு வருகிறது. A-யிலிருந்து 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று கிரவுண்டுக்கு இறங்குகிறது. அதோடு 3 மில்லி ஆம்பியர் கரண்ட் சோர்ஸ் ஒன்று கிரவுண்டிலிருந்து A-க்குள் மின்சாரத்தைத் தள்ளுகிறது. 2 கிலோ ஓம் கிளையில் ஓடும் மின்சாரம் எவ்வளவு என்பதே கேள்வி.

முதலில் 12 வோல்ட் மட்டும். கரண்ட் சோர்ஸ் இருந்த இடத்தில் சுற்று திறந்திருக்கிறது. 12 வோல்ட்டுக்கு எதிரே 4-ம் 2-ம் தொடராக நிற்கின்றன, மொத்தம் 6 கிலோ ஓம். ஓடுவது 2 மில்லி ஆம்பியர். இதுவரை டியூஷன் நோட்டும் சரி.

அடுத்து கரண்ட் சோர்ஸ் மட்டும். இங்கேதான் நோட்டு கவிழ்கிறது. 12 வோல்ட் மூலத்தை ‘எடுத்துவிட்டார்கள்’. எடுத்ததும் 4 கிலோ ஓம் ரெசிஸ்டரின் இடது முனை அந்தரத்தில் தொங்குகிறது. அதில் மின்சாரம் போக வழியில்லை. 3 மில்லி ஆம்பியரும் முழுசாக 2 கிலோ ஓமில் இறங்குகிறது. 2-ம் 3-ம் 5.

உண்மையில் என்ன செய்திருக்க வேண்டும்? சோர்ஸை அணைப்பது என்றால் அதன் மதிப்பைச் சுழியாக்குவது. 12 வோல்ட் மூலம் 0 வோல்ட் மூலமாகிறது. எவ்வளவு மின்சாரம் ஓடினாலும் தன் இரு முனைக்கும் இடையே 0 வோல்ட் வைத்திருக்கும் பொருளுக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் உண்டு: ஒயர். அதனால் அந்த இடம் ஷார்ட் ஆகிறது. கரண்ட் சோர்ஸை அணைத்தால் அது 0 ஆம்பியர் மூலம். எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் மின்சாரத்தை விடாத பொருள், அதாவது வெட்டிய கம்பி. அதனால் அந்த இடம் ஓபன். கரண்ட் சோர்ஸைப் பொறுத்தவரை எடுத்துவிடுவதும் அணைப்பதும் ஒன்றாகவே இருந்துவிடுகின்றன. இந்தத் தவறு இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்குக் காரணமே அந்தப் பாதிப் பொருத்தம்தான்.

இப்போது 12 வோல்ட் இருந்த இடத்தில் ஒயரைப் போட்டுப் பாருங்கள். 4 கிலோ ஓமின் இடது முனை கிரவுண்டைத் தொடுகிறது. 3 மில்லி ஆம்பியருக்கு A-யிலிருந்து இரண்டு வழிகள். தடை குறைந்த 2 கிலோ ஓமில் 2 மில்லி ஆம்பியரும், 4 கிலோ ஓமில் 1 மில்லி ஆம்பியரும் பிரிந்து போகின்றன. 2-ம் 2-ம் 4. விடை அதுதான்.

என் பேச்சை நம்ப வேண்டாம், சமன்பாட்டை நம்புங்கள். A-யின் மின்னழுத்தம் V என்றால், மில்லி ஆம்பியர் கணக்கில்,

(12 − V)/4 + 3 = V/2

தீர்த்தால் V = 8. 8 வோல்ட்டை 2 கிலோ ஓமால் வகுத்தால் 4 மில்லி ஆம்பியர். இதே சமன்பாட்டில் 12-ஐ அழித்துவிட்டு 0 எழுதுங்கள். (0 − V)/4 என்ற உறுப்பு அங்கேயே நிற்கிறது. 4 கிலோ ஓம் எங்கும் போகவில்லை, அதன் மறுமுனை 0 வோல்ட்டில் இருக்கிறது, அவ்வளவே. சூப்பர்பொசிஷன் என்பது இந்த ஒரே சமன்பாட்டில் 12-க்கு ஒருமுறையும் 3-க்கு ஒருமுறையும் சுழி போட்டு, வரும் விடைகளைக் கூட்டுவது. ‘எடுத்துவிடு’ என்பவர் அந்த உறுப்பையே அடித்துவிடுகிறார். அப்போது அவர் கூட்டுவது இரண்டு வேறு வேறு சுற்றுகளின் விடைகளை. அந்தக் கூட்டலுக்கு எந்தத் தேற்றமும் பொறுப்பேற்காது.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-இல் இந்த விதியை எழுதியபோது அவர் கண்முன் இருந்தவை விலங்குகளின் உடலில் எழும் மின்சாரத்தைப் பற்றிய சோதனைகள். தசையிலிருந்து எந்த மின்மூலத்தைக் கழற்றி மேஜை மேல் வைக்க முடியும்? மூலத்தின் வலு சுழியானாலும் தசை இருந்த இடத்தில் இருக்கும், மின்சாரத்தைக் கடத்தவும் செய்யும். தேற்றம் பிறந்த இடத்திலேயே எடுத்துவிடும் பேச்சுக்கு இடமில்லை.

தவறைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும் என்பதுதான் என்னை அதிகம் கோபப்படுத்துகிறது. விடை 5 என்றால் A-யில் 10 வோல்ட். அப்படியானால் 12-லிருந்து 10-க்கு 4 கிலோ ஓம் வழியாக வருவது அரை மில்லி ஆம்பியர். கரண்ட் சோர்ஸ் தருவது 3. மூன்றரை உள்ளே வந்து ஐந்து எப்படி வெளியே போகும்? கிர்ச்சாஃப் விதியைப் போன மாதம் நடத்திய அதே ஆசிரியர் இந்த மாதம் அதை மீறிய விடைக்கு டிக் போடுகிறார். விடை 4 என்றால் A-யில் 8 வோல்ட், 4 கிலோ ஓம் வழியே 1, கரண்ட் சோர்ஸிலிருந்து 3, வெளியே போவது 4. கணக்கு கட்டுகிறது.

அந்த 4 கிலோ ஓமில் ஓடும் 1 மில்லி ஆம்பியரும் கவனிக்க வேண்டியது. 12 வோல்ட் தனியாக இருந்தபோது அதில் 2 மில்லி ஆம்பியர் A-யை நோக்கி ஓடியது. கரண்ட் சோர்ஸ் தனியாக இருந்தபோது 1 மில்லி ஆம்பியர் A-யை விட்டு ஓடியது. திசை எதிர் என்பதால் 2-லிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். அம்புக்குறி போடாமல் கூட்டிய பிள்ளைகள் 3 என்று எழுதுகிறார்கள். அம்புக்குறியை ஒருமுறை வரைந்துவிட்டுக் கடைசிவரை மாற்றாமல் இருக்கச் சொல்லிக் கொடுப்பது அவ்வளவு பெரிய வேலையா?

ஆய்வகத்தில் இந்தச் சொல் இன்னும் கெடுதல் செய்கிறது. அங்கே ‘எடுத்துவிடு’ என்பது பவர் சப்ளையின் சுவிட்சை அணைப்பதாகவோ குமிழைச் சுழிக்குத் திருகுவதாகவோ ஆகிவிடுகிறது. சாதாரண ஆய்வக சப்ளை மின்சாரத்தை வெளியே தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது, உள்ளே வாங்கிக்கொள்வதற்கு அல்ல. நம் சுற்றில் கரண்ட் சோர்ஸ் மட்டும் வேலை செய்யும்போது 1 மில்லி ஆம்பியர் அந்த சப்ளையின் பாசிட்டிவ் முனைக்குள் நுழைய வேண்டும். நுழைய அது முழுதாக வழிவிடாது. மீட்டர் 2-இல் நிற்காமல் 2-க்கும் 3-க்கும் நடுவில் எங்கோ நிற்கும், சப்ளைக்குச் சப்ளை மாறும். பிள்ளை அதைப் பார்த்து ‘எக்ஸ்பெரிமென்ட்டல் எரர்’ என்று ரெக்கார்டில் எழுதுகிறது. கையெழுத்தும் விழுகிறது. செய்ய வேண்டியது எளிது: சப்ளையிலிருந்து இரண்டு லீடுகளையும் கழற்றி, அந்த இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட வேண்டும். ‘ஷார்ட் பண்ணு’ என்று மட்டும் கேட்ட பிள்ளை, ஓடிக்கொண்டிருக்கும் சப்ளையின் முனைகளிலேயே ஒயரைப் போடுவதையும் பார்த்திருக்கிறேன்.

பேச்சோடு பேச்சாக மின்திறனையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் அதையும் கூட்டியிருந்தார்கள். சரியான விடைப்படி 2 கிலோ ஓமில் 4 மில்லி ஆம்பியர், அதாவது 32 மில்லி வாட். தனித்தனியாகக் கூட்டினால் 8-ம் 8-ம் 16. பாதிதான் வருகிறது. 4 கிலோ ஓமில் உண்மையான திறன் 4 மில்லி வாட், தனித்தனியாகக் கூட்டினால் 20. இதில் ஒரு பொறி இருக்கிறது: 32-ம் 4-ம் 36, 16-ம் 20-ம் 36. மொத்தம் ஒத்துப்போகிறது! இதைக் காட்டித் திறனையும் கூட்டலாம் என்று என்னிடமே வாதாடியவர்கள் உண்டு. ரெசிஸ்டர்கள் மட்டும் உள்ள சுற்றில் ஒரு பக்கம் வோல்டேஜ் மூலம், மறுபக்கம் கரண்ட் மூலம் என்று பிரித்தால் மொத்தத் திறன் மட்டும் இப்படிப் பொருந்திவரும். இரண்டு 6 வோல்ட் மூலங்களைத் தொடராக்கி 6 கிலோ ஓமில் கொடுங்கள். தனித்தனியாக 6-ம் 6-ம் 12 மில்லி வாட், சேர்ந்தால் 24. திறன் மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, வர்க்கத்தைத் துண்டு துண்டாகக் கூட்ட முடியாது. மின்சாரத்தையும் மின்னழுத்தத்தையும் கூட்டி முடித்த பிறகுதான் திறனுக்கு வர வேண்டும்.

அடுத்த வாரம் அவர்களுக்குத் தெவனின் தேற்றமாம். இதே சுற்றில் 2 கிலோ ஓமைக் கழற்றிவிட்டு அதன் முனைகளிலிருந்து பார்த்தால் தெவனின் மின்தடை 4 கிலோ ஓம். 12 வோல்ட்டை ‘எடுத்துவிட்டால்’ முடிவிலி. அதற்கும் ஒரு டிக் விழுமோ என்று பயமாக இருக்கிறது.

பாடம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே. நோட்டில் ‘எடுத்துவிடவும்’ என்று இருக்கும் வரியை அடித்துவிட்டு, ‘மதிப்பைச் சுழியாக்கவும்’ என்று எழுத வையுங்கள். விடை வந்ததும் A-யில் உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கூட்டிப் பார்க்காத கணக்குக்கு மதிப்பெண் போடாதீர்கள். அண்ணன் மகளின் நோட்டில் அந்த டிக்கை நானே அடித்துவிட்டு வந்திருக்கிறேன். 2 கிலோ ஓமில் ஓடுவது 4 மில்லி ஆம்பியர்.