இருபது அடி தூரம் எங்கே இருக்கிறது?

இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா, இருபது அடி தள்ளி இருக்கும் ஏதாவது ஒன்றை, இருபது செக்கன் பார்க்கணும். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறவர்களுக்கு எல்லாரும் சொல்கிற புத்திமதி இது. 1990களில் கலிபோர்னியாவில் ஜெஃப்ரி ஆன்ஷெல் என்ற கண் பரிசோதகர் ஞாபகம் வைக்க இலகுவாக இருக்கட்டும் என்று சொன்னது. நாங்கள் மஹய்யாவயில் ஒரு வீட்டில் டேப் வைத்து அளந்து பார்த்தோம். அறை பத்துக்குப் பன்னிரண்டு. மூலைக்கு மூலை அளந்தாலும் பதினாறு அடியைத் தாண்டவில்லை. இருபது அடி அந்த அறைக்குள்ளேயே இல்லை.

அந்த வீட்டில் வேலை செய்கிறது எங்கள் கூட்டத்தில் உள்ள ஒரு அக்கா. ஒரு கொம்பனிக்கு ஒன்லைனில் டேட்டா என்ட்ரி. ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று காசு. காலை எட்டிலிருந்து பின்னேரம் ஐந்து வரை, சில நாள் ராத்திரியும். ஆறாவது மாசம் இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொண்டன, கண் மணல் போட்ட மாதிரி எரிந்தது. கேட்டவர்கள் எல்லாரும் சொன்னது இரண்டே விஷயம்: நல்ல ஒபிஸ் கதிரை ஒன்று வாங்கு, 'ப்ளூ கட்' கண்ணாடி ஒன்று போடு. இரண்டுக்கும் காசைச் செலவழிக்க வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் லெப்டொப். அதில் திரையும் கீபோர்டும் ஒரே பிணைச்சலில் ஒட்டியிருக்கின்றன. கைக்கு வசதியான உயரத்தில் வைத்தால் கண்ணுக்குப் பள்ளம், கண்ணுக்கு நேராக உயர்த்தினால் தோள் தூக்கிக்கொள்ளும். எவ்வளவு விலையுள்ள கதிரையில் உட்கார்ந்தாலும் இது தீராது. இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1990இல் ஐரோப்பிய சமூகம் திரை முன்னால் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு சட்டக் கட்டளை கொண்டுவந்தது. கீபோர்ட் திரையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டருக்கு விதிவிலக்கும் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் நீண்ட நேரம் பாவிக்காதவைக்கு மட்டும்தான். நாள் முழுக்க ஒரே மேசையில் லெப்டொப்பைத் தட்டுகிற அக்காவுக்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது. அந்தச் சட்டமும் இங்கே இல்லை என்பது வேறு கதை.

அக்கா ஐந்தடி ஒரு அங்குலம். அவர் உட்கார்வது எல்லார் வீட்டிலும் இருக்கிற கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் கதிரையில். இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து 44 சென்டிமீட்டர், பின்பக்கம் இன்னும் பள்ளம். மேசை சாப்பாட்டு மேசை, 76 சென்டிமீட்டர். உட்கார்ந்து கையை மடக்கினால் முழங்கை தரையிலிருந்து 66இல் நிற்கிறது. அதாவது மேசை முழங்கையை விட 10 சென்டிமீட்டர் உயரம். டைப் பண்ண வேண்டுமென்றால் தோள் இரண்டையும் தூக்கியே ஆக வேண்டும். கழுத்து பிடிக்கிறதுக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. காலும் முழுசாகத் தரையில் படவில்லை, முழங்காலின் அடிப்பக்கம் 39தான். இதுக்கு மேல் கதிரையின் கைப்பிடி மேசையின் கீழ்ச் சட்டத்தில் இடிக்கிறதால் கிட்ட இழுக்கவும் முடியாது. எட்டி எட்டி வேலை செய்து முதுகு முன்னால் வளைந்துவிட்டது.

மேசையை வெட்ட முடியாது, வீட்டுக்காரர் மேசை. ஆகவே ஆளை உயர்த்தினோம். கைப்பிடி இல்லாத கதிரை ஒன்று பக்கத்து வீட்டு அம்மாச்சியிடம் இருந்தது, அதே உயரம், மாற்றிக்கொண்டோம். முதலில் ஸ்பொஞ்ச் குஷன் ஒன்று போட்டுப் பிழை விட்டோம். பார்க்க 10 சென்டிமீட்டர், உட்கார்ந்தவுடன் 4 ஆகிவிட்டது. பிறகு பழைய கம்பளி ஒன்றை இறுக்க மடித்துக் கட்டிப் போட்டோம், அது உட்கார்ந்த பிறகும் 9 நின்றது. குஷனை அளக்கிறதென்றால் ஆள் உட்கார்ந்த பிறகு அளக்கணும். இப்போது இருக்கை 53, முழங்கை 75, மேசையோடு சரி. ஆனால் கால் 14 சென்டிமீட்டர் அந்தரத்தில் தொங்குகிறது. இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். கால் தொங்கினால் இருக்கையின் விளிம்பு தொடையின் அடியை அழுத்தும், கால் விறைக்கும், ஆள் தானாக முன்னுக்குச் சரிந்து உட்காருவார். மூன்று பலகைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்து அந்த 14ஐ நிரப்பினோம். இடுப்புப் பள்ளத்துக்கு ஒரு துவாயைச் சுருட்டி வைத்தோம்.

அடுத்தது திரை. இப்போது அக்காவின் கண் மேசையிலிருந்து 49 சென்டிமீட்டர் உயரத்தில். விரித்து வைத்த லெப்டொப் திரையின் மேல்விளிம்போ 24இல்தான். ஏ.எல். பாஸ் பேப்பர் புத்தகங்களை 20 சென்டிமீட்டருக்கு அடுக்கி, அதன் மேல் லெப்டொப்பை வைத்தோம். மேல்விளிம்பு கண்ணுக்குக் கொஞ்சம் கீழே வந்தது, அதுதான் வேண்டும். அடுக்கு ஆடக்கூடாது, அடியில் இருக்கிற காற்றுத் துளைகளை மூடக்கூடாது. தூரம் கை நீட்டினால் விரல் நுனி தொடுகிற அளவு. அந்தத் தூரத்தில் எழுத்து தெரியவில்லை என்றால் தலையை முன்னுக்கு நீட்டாமல் எழுத்தைப் பெரிதாக்கணும். முன்னால் மேசையில் தனியாக ஒரு கீபோர்ட், ஒரு மவுஸ். மொத்தத்தில் காசு போனது இந்த இரண்டுக்கும் மட்டும்தான். ஒபிஸ் கதிரையின் விலையில் இது ஒரு சிறு பங்கு.

ஒன்று சொல்லணும். இந்த உயரக் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. அக்காவின் அப்பா அதே இடத்தில் உட்கார்ந்து பேஸ்புக் பார்த்தார், கழுத்து வலிக்குது என்றார். அவர் போடுவது கீழ்ப்பாதியில் வாசிக்கிற பவர் உள்ள கண்ணாடி. உயர்ந்த திரையை அதால் பார்க்க நாடியைத் தூக்க வேண்டியிருக்கிறது. அவருக்குப் பாதிப் புத்தகத்தை எடுத்துவிட்டோம்.

கண் எரிச்சலுக்கு வருவோம். 'ப்ளூ கட்' கண்ணாடி பற்றி நடந்த 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2023இல் வெளிவந்தது. சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால், குறுகிய காலத்தில் கண் களைப்பைக் குறைக்கிறதில் அதுக்குப் பெரும்பாலும் வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. பெரிய காரணம் கண்ணை மூடித் திறக்காதது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993இல் எண்ணிப் பார்த்தார்கள்: சும்மா இருக்கும்போது நிமிஷத்துக்குச் சராசரியாக 22 தடவை இமைக்கிறோம், புத்தகம் வாசிக்கும்போது 10, திரையைப் பார்க்கும்போது 7. இமைக்காத கண்ணில் கண்ணீர்ப் படலம் காய்கிறது, அதுதான் மணல். மேலே பார்க்கப் பார்க்கக் கண் அகலமாகத் திறந்து இன்னும் சீக்கிரம் காயும். திரை கண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கணும் என்றதுக்கு இதுவும் ஒரு காரணம். ஃபேன் காற்று நேரே முகத்தில் அடித்தாலும் அப்படித்தான், அக்காவின் ஃபேனைக் காலுக்குத் திருப்பிவிட்டோம். ஜன்னல் திரைக்குப் பின்னாலும் இல்லாமல், ஆளுக்குப் பின்னாலும் இல்லாமல் பக்கவாட்டில் வருகிற மாதிரி மேசையையும் திருப்பினோம். இத்தனைக்குப் பிறகும் எழுத்து மங்கினால், தலை இடித்தால், பவர் மாறியிருக்கலாம். அதைக் கண் பரிசோதனையில்தான் கண்டுபிடிக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கதிரையைச் சரிபண்ணினால் முதுகு வலி வராதா? அப்படி யாராலும் உறுதி சொல்ல முடியாது. நேராக, 90 பாகையில் உட்காரு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததுகூட அவ்வளவு சரியில்லை. 2006இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் 22 பேரை உட்கார வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, முள்ளந்தண்டின் தட்டுகள் குறைவாக நகர்ந்தது பின்னால் சாய்ந்து 135 பாகையில் இருக்கும்போது. அப்படிச் சாய்ந்துகொண்டு யாரும் டைப் பண்ண முடியாது. எந்த நிலையிலும் மணிக்கணக்காக அசையாமல் இருக்கிறதுதான் பிரச்சினை. ஆக மிஞ்சுவது எழும்புவது.

எழும்புவதில்தான் அக்காவுக்குச் சிக்கலே. "எழும்பினா காசு நிக்குமே தங்கச்சி" என்றார். அந்தக் கொம்பனியின் மென்பொருள் சில நிமிஷத்துக்கு ஒருக்கா திரையைப் படம் எடுக்கிறது, கை நின்றால் 'வேலை இல்லை' என்று குறிக்கிறது. மற்றவர்கள் 'இடைவேளை எடுக்கிற பழக்கம்' என்று எழுதுகிறபோது, அந்த இடைவேளைக்கு யார் காசு கொடுப்பது என்பதை எழுதுவதில்லை.

இதைச் சரியாக அக்கா செய்கிற வேலையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க வரித் திணைக்களத்தில் டேட்டா என்ட்ரி செய்த 42 பேரை வைத்து, அந்நாட்டின் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் நடத்திய ஆய்வு, 2000இல் வெளிவந்தது. வழமையாக அவர்களுக்கு 15 நிமிஷ இடைவேளை இரண்டு. சில வாரங்கள் அதோடு, இடைவேளை இல்லாத ஒவ்வொரு மணித்தியாலத்திலும் 5 நிமிஷம் சேர்த்துக் கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு 20 நிமிஷம் அதிகம். உடம்பு நோவும் கண் களைப்பும் குறைந்தன. பதிவுகளின் எண்ணிக்கை குறையவில்லை, வேலை செய்த நேரத்தில் கை வேகமாகப் போய் அந்த 20 நிமிஷத்தை ஈடுகட்டிவிட்டது.

அக்கா நம்பவில்லை. இரண்டு கிழமை கொப்பியில் எழுதிப் பார்ப்போம் என்றோம். முதல் கிழமை வழமை போல. இரண்டாவது கிழமை மணிக்கு ஒருக்கா போனில் அலாரம், 5 நிமிஷம். அந்த நேரத்தில் போனைப் பார்க்கக் கூடாது, அது இன்னொரு திரை. வாசலுக்குப் போய் நின்றால் கூரைகளுக்கு மேலே எதிர்ப்பக்க மலை தெரியும். இருபது அடி என்ன, மைல் கணக்கில் தூரம். தண்ணி பிடிப்பார், உடுப்பு காயப் போடுவார், படி ஏறி இறங்குவார். இரண்டாம் கிழமையின் பதிவு முதல் கிழமையை விடக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. ஒரு ஆளின் இரண்டு கிழமை ஆய்வாகாது, அது எங்களுக்கும் தெரியும். பின்னேரக் கழுத்து வலி குறைந்தது, இடுப்பு இன்னும் முழுசாக விடவில்லை. காலில் விறைப்பு இறங்கினாலோ, கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு மாறினாலோ கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

கொப்பியின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, மணிக்கு 5 நிமிஷத்தை வேலை நேரமாகக் கணக்கெடுக்கச் சொல்லி அக்கா கொம்பனிக்கு மின்னஞ்சல் போட்டார். அவரோடு அதே வேலை செய்கிற இன்னும் நாலு பேர் பெயர் போட்டார்கள். இரண்டு பேர் பயந்து விட்டுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. பதினொரு நாளாகிறது. பதில் வரவில்லை, மென்பொருள் இன்னும் படம் எடுக்கிறது. அக்கா அலாரம் அடித்தால் எழும்பி வாசலுக்குப் போகிறார்.